ஏ தரம் பெருகிய வரலாறு

பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில் எல்லோரும் முதலிற் கேட்கும் கேள்வி, இவ்வாண்டு நூற்றுக்கு எத்தனை பேர் அதியுயர் தரம் பெற்றனர் என்பதே. சென்ற ஆண்டிலும் பார்க்கத் தொகை கூடியிருப்பின் ஒரு சாரார் மாணவரையும் ஆசிரியரையும் பாராட்டுவர். மற்றொரு சாரார் பரீட்சை இலேசாகிவிட்டது என்று குறைகூறுவர். இரு சாராரும் ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே நேர்மாறான முடிவுகளுக்கு வருகின்றனர். அவ்வெண்ணைக் கொண்டு எதனை நிறுவலாம், எதனை நிறுவ முடியாது என்பதனையே இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

தரவீக்கம் என்ற சொல்லின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஒரே திறமையைக் காட்டும் விடைக்கு முன்னொரு காலத்தில் பீ தரம் வழங்கப்பட்டது. பின்னொரு காலத்தில் அதே அளவான விடைக்கு ஏ தரம் வழங்கப்படுகின்றது. இதுவே தரவீக்கம். இவ்வரையறையில் இரண்டு பொருள்கள் உள்ளன: ஒன்று மாணவனின் திறமை, மற்றது அதற்கு இடப்பட்ட அடையாளம். ஏ தரம் பெற்றோரின் வீதம் அடையாளத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றது. திறமையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆகையால் வீதம் உயர்ந்தது என்று கண்ட மாத்திரத்தே வீக்கம் என்று முடிவு செய்தல், ஒருவனுடைய சட்டை இறுகிவிட்டது என்று கேட்டவுடன் அவன் கொழுத்துவிட்டான் என்று சொல்வதைப் போன்றது. சட்டை சுருங்கியும் இருக்கலாம் அல்லவா?

இதற்கு எடுத்துக்காட்டாக இங்கிலாந்தின் உயர்தரப் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு உயர்தரப் பரீட்சை தன் பெயரை அங்கிருந்தே பெற்றது. பல பத்தாண்டுகளின் கணக்கு ஒரே வரிசையாகக் கிடைப்பதும் அதனைத் தெரிந்துகொள்ள மற்றொரு காரணம். நான் கூறப்போகும் நாடளாவிய வீதங்கள் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணித்தவை.

அப்பரீட்சை 1951ஆம் ஆண்டில் தொடங்கியது. 1963 முதல், பரீட்சார்த்திகளுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ஏ, அடுத்த பதினைந்து பேருக்கு பீ என்றவாறு ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பங்கு வழிகாட்டியாக வகுக்கப்பட்டது. இம்முறை நிலவிய காலத்தில் ஏ தரத்தின் வீதம் பெரிதும் அசையாமல் நின்றது. 1982இல் அது நூற்றுக்கு ஒன்பது அளவில் இருந்தது. அது அசையாமையைக் கொண்டு அக்காலத்தில் தரம் சிறிதும் வழுவவில்லை என்று சிலர் இன்றும் பெருமையோடு கூறுவர். அது சரியன்று. மாணவர் அனைவரும் இரு மடங்கு கற்றிருந்தாலும் பத்துப் பேருக்கே ஏ; பாதியளவு கற்றிருந்தாலும் பத்துப் பேருக்கே ஏ. வெப்பமானியின் இரசத்தை ஒரே கோட்டில் ஒட்டிவைத்துவிட்டு, காய்ச்சல் ஏறவில்லை என்று சொல்ல முடியுமா?

1980களின் நடுப்பகுதியில் இம்முறை மாற்றப்பட்டது. இத்தனை பேருக்கு இத்தரம் என்பதை விடுத்து, விடைத்தாளின் தன்மையைப் பார்த்துத் தர எல்லையை வகுக்குமாறு பரீட்சகர்களிடம் கூறப்பட்டது. 1987 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வீதம் ஏறத் தொடங்கியது. 1990இல் நூற்றுக்குப் பன்னிரண்டளவு; 2000இல் பதினெட்டளவு; 2010இல் இருபத்தேழு. ஒரு தலைமுறைக்குள் மும்மடங்கு.

மும்மடங்கு என்ற சொல் கேட்போரைத் திடுக்கிடச் செய்யும். ஆதலின் காரணங்களை ஆராயுமுன் அச்சொல்லின் உண்மையான பருமனை அளந்துகொள்வது நல்லது. ஒரு பரீட்சையில் சராசரிப் புள்ளி 50 என்று கொள்வோம். பெரும்பாலானோர் 35க்கும் 65க்கும் இடையில் நிற்கின்றனர். மேலே போகப் போக ஆட்கள் குறைகின்றனர். ஏ தரத்தின் எல்லை 69 புள்ளி. வழமையான மணி வடிவப் பரம்பலின்படி, நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் அவ்வெல்லையைத் தாண்டுவர். அடுத்த சில ஆண்டுகளில் எல்லாரும் ஐந்து புள்ளி கூடுதலாகப் பெறுகின்றனர் என்க. சராசரி 55 ஆகின்றது. எல்லை அதே 69. இப்போது தாண்டுவோர் எத்தனை பேர்? பதினேழு பேருக்கும் மேல். ஐந்தே புள்ளி அசைவு ஏ தரத்தின் தொகையை முக்காற்பங்கு பெருக்கிவிட்டது. காரணம் யாதெனில், எல்லைக்கு மேலே நிற்போர் சிலர்; அதற்குச் சற்றுக் கீழே காத்து நிற்போர் பலர். கரையோரத்தில் நீர் மட்டம் ஒரு முழம் உயர்ந்தால் எத்தனையோ வயல்கள் மூழ்குவதைப் போன்றது இது. எனவே வீதம் மும்மடங்கானது என்பதற்கு, பரீட்சகர் மும்மடங்கு தாராளமாயினர் என்றோ மாணவர் மும்மடங்கு கெட்டிக்காரர் ஆயினர் என்றோ பொருளில்லை. அதியுயர் தரத்தின் வீதம் சிறு அசைவையும் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கியாகும். அது பயனுள்ள கருவிதான். ஆனால் அதனுள்ளே தெரியும் பூச்சியின் அளவு மெய்யளவன்று.

இனிக் காரணங்களுக்கு வருவோம். வீதம் என்பது ஒரு பின்னம். மேலே ஏ தரம் பெற்றோர். கீழே பரீட்சை எழுதினோர். மேலெண் கூடினாலும் வீதம் உயரும். கீழெண் குறைந்தாலும் உயரும். ஆனால் பேசுவோர் யாவரும் மேலெண்ணையே பார்ப்பர். கீழெண் செய்யும் வேலையைக் காண்பதற்கு 2002ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று கிடையாது.

2000 செப்டம்பரில் இங்கிலாந்தின் பாடத்திட்டம் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. முதலாண்டின் முடிவில் ஒரு பரீட்சை; அதில் தேறித் தொடர விரும்புவோருக்கு இரண்டாம் ஆண்டின் முடிவில் மற்றொன்று. இம்முறையில் முதன்முதல் முழுத் தரம் பெற்றவர்கள் 2002இல் வெளிவந்தனர். அவ்வாண்டிற் சித்தியெய்தியோர் வீதம், முந்திய ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்குச் சற்றுக் கீழாக இருந்தது, தொண்ணூற்று நான்குக்கும் மேலாகத் தாவியது. ஏ தரமும் உடன் உயர்ந்தது. ஓராண்டில் இத்தகைய தாவல் மாணவரின் மூளையில் நிகழ்வதன்று. நடந்தது என்னவெனின், முதற்பாதியில் குறைந்த புள்ளி பெற்ற மாணவர் பலர் அப்பாடத்தைக் கைவிட்டு விலகினர். முன்னைய முறையில் அவர்களும் இறுதிவரை இருந்து, குறைந்த தரம் பெற்று அல்லது தவறிப்போய், கணக்கிற் சேர்ந்திருப்பர். இப்போது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

எண்களால் பார்த்தால் இது தெளிவாகும். நூறு மாணவர் ஒரு பாடத்தைக் கற்கின்றனர். பதினெட்டுப் பேருக்கு ஏ. இருபது பேர் இடையில் விலகுகின்றனர். அவர்களுள் ஏ பெறக்கூடியவர் எவருமில்லை. எஞ்சிய எண்பது பேருள் அதே பதினெட்டுப் பேருக்கு ஏ. வீதம் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டரை ஆகிவிட்டது. ஒருவருக்கேனும் கூடுதலாகத் தரம் வழங்கப்படவில்லை. ஆகவே ஆண்டுகளை ஒப்பிடுவோர் முதலிற் செய்யவேண்டியது, அந்தந்த ஆண்டின் கீழெண் எவ்வாறு உருவாயிற்று என்று விசாரிப்பதாகும். தவறியோர் சேர்க்கப்பட்டனரா? இரண்டாம் முறை தோற்றியோர் சேர்க்கப்பட்டனரா? ஆட்களை எண்ணினரா, பாடங்களை எண்ணினரா? ஐயமிருப்பின், பரீட்சை எழுதியோருக்குப் பதிலாக அவ்வயதினர் அனைவரையும் கீழெண்ணாக வைத்து மீண்டும் கணக்கிடலாம். விலகியோரால் உண்டான ஏற்றம் அப்போது மறைந்துவிடும். ஆயினும், உயர்தரம் வரை பயில்வோரின் தொகையே பெருகிவரும் நாட்டில் இக்கணக்கு வேறு திசையில் ஏமாற்றக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பாடங்களின் கலப்பு. எல்லாப் பாடங்களிலும் ஏ தரத்தின் வீதம் ஒன்றாக இருப்பதில்லை. இங்கிலாந்தில் மேற்கணிதம் என்னும் பாடத்தில் அது மிக உயர்வு. ஏனெனில் கணிதத்தில் வல்லவர்களே அதனை நாடுவர். இத்தகைய பாடங்களை எடுப்போர் கூடிவரின், எந்தப் பாடத்திலும் பரீட்சகர் கை தளராதிருந்தும் மொத்த வீதம் ஏறும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் படிப்படியாகச் செய்து பார்ப்போம். இரண்டே பாடங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். முதலாம் பாடத்தில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஏ. இரண்டாம் பாடத்தில் பதினைந்து பேருக்கு. தொடக்க ஆண்டில் முதலாம் பாடத்தை 200 பேரும் இரண்டாவதை 800 பேரும் எழுதினர். ஏ தரங்கள் 80, 120, மொத்தம் 200. ஆயிரத்துக்கு இருநூறு, அதாவது நூற்றுக்கு இருபது. பத்தாண்டு கழித்து முதலாம் பாடத்தை 400 பேரும் இரண்டாவதை 600 பேரும் எழுதுகின்றனர். அப்போது முதலாம் பாடத்தின் வீதம் நாற்பத்து மூன்று; இரண்டாவதன் வீதம் பதினெட்டு. ஏ தரங்கள் 172, 108, மொத்தம் 280. நூற்றுக்கு இருபத்தெட்டு. எட்டு அலகு ஏற்றம்!

இப்போது பின்னைய ஆண்டின் வீதங்களை எடுத்து, முன்னைய ஆண்டின் ஆட்தொகையின் மேல் வைத்துப் பார்ப்போம். 200 பேரில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று என்றால் 86. 800 பேரில் நூற்றுக்குப் பதினெட்டு என்றால் 144. மொத்தம் 230, நூற்றுக்கு இருபத்து மூன்று. பாடங்களின் கலப்பு மாறாதிருந்தால் வீதம் மூன்று அலகே ஏறியிருக்கும். எஞ்சிய ஐந்து அலகும் மாணவர் வேறு பாடத்துக்குப் பெயர்ந்ததனால் வந்தவை. விலைவாசிச் சுட்டெண் கணிப்போர், பழைய கூடையை மாற்றாமல் வைத்துப் புதிய விலையை அதில் இடுவது இதே முறையே. கூடையைப் பாடத்தால் மட்டுமன்றி, பாடசாலை வகையாலும், ஆண் பெண் என்ற பாகுபாட்டாலும் அமைக்கலாம். ஆனால் கூடையைப் பலவாகப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பகுதியிலும் ஆட்கள் குறைவர். அதனால் வேறொரு தொல்லை பிறக்கும்.

அத்தொல்லை தற்செயல் அசைவு. ஒரு பாடசாலையில் நாற்பது மாணவர் தோற்றுகின்றனர். அவர்கள் போன்றோருள் நூற்றுக்குப் பத்துப் பேர் ஏ பெறுவது வழக்கம். எதிர்பார்க்கத்தக்கது நான்கு. ஆனால் ஆண்டுதோறும் நான்கே வாரா. நாற்பதைப் பத்திலொன்றால் பெருக்கி, மீண்டும் பத்தில் ஒன்பதால் பெருக்கினால் 3.6 வரும், அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ இரண்டு. நான்கிலிருந்து இதன் இரு மடங்கு, அதாவது நான்கு, மேலோ கீழோ போவது வியப்பன்று. ஓராண்டில் ஒருவர், மறு ஆண்டில் ஏழு பேர் என்பது வெறும் தற்செயலாக இருக்கலாம். ஏழு பேருக்கு விழா எடுத்து, ஒருவருக்கு ஆசிரியரைக் கண்டிக்கும் அதிபர்கள் இக்கணக்கைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நன்று. பாடசாலை மட்டத்தில் மூன்று நான்கு ஆண்டுகளை ஒன்றாய்ச் சேர்த்தே ஒப்பிட வேண்டும். நாடு முழுவதற்கும் நிலைமை வேறு. எட்டு இலட்சம் பெறுபேறுகளில் தற்செயலின் அசைவு ஓர் அலகின் பத்தில் ஒரு பங்களவே. அங்கே ஓர் அலகு ஏற்றம் மெய்யான ஏற்றமே. ஆனால் அது மெய்யானது என்பது வேறு, அது வீக்கம் என்பது வேறு.

கீழெண்ணைத் திருத்தி, கலப்பை நீக்கி, தற்செயலையும் ஒதுக்கிய பின்னரும் ஏற்றம் எஞ்சி நின்றால், மாணவர் மெய்யாகவே முன்னேறினரா அல்லது அளவுகோல் இளகிற்றா என்ற மூலக் கேள்விக்கு வந்து சேர்வோம். இதற்கு அப்பரீட்சையின் கணக்கிலேயே விடை தேடுவது வீண். வெளியிலிருந்து மற்றோர் அளவுகோல் வேண்டும். ஆண்டுகள் மாறினும் தான் மாறாத அளவுகோல்.

அத்தகைய ஒன்றை டரம் பல்கலைக்கழகத்தினர் வைத்திருந்தனர். உயர்தரம் பயிலும் மாணவருக்கு 1988 முதல் பொதுத் திறனறி சோதனையொன்றை நடத்தி, அச்சோதனையின் புள்ளியையும் பின்னர் அம்மாணவர் பரீட்சையிற் பெற்ற தரத்தையும் அவர்கள் இணைத்துப் பதிந்தனர். பேராசிரியர் ரொபேட் கோ அப்பதிவுகளை ஆராய்ந்தார். அவர் கேட்ட கேள்வி எளியது: திறனறி சோதனையில் ஒரே புள்ளி பெற்ற இரு மாணவர், ஒருவர் 1988இலும் மற்றவர் 2000களின் நடுப்பகுதியிலும் பரீட்சை எழுதியிருப்பின், அவர்கள் பெற்ற தரங்கள் யாவை? விடை, பிற்காலத்தவர் சராசரியாக இரண்டு தரமளவு மேலே நின்றார் என்பதாகும். கணிதத்தில் வேறுபாடு அதனினும் கூடுதல். முன்னர் சீ பெற்றிருக்கக்கூடியவர் பின்னர் ஏ பெற்றார் என்று இதனைப் பேச்சுவழக்கிற் கூறலாம்.

தரவீக்கத்துக்கு இதுவே நேரான சான்று. ஆயினும் முற்றுப்பெற்ற தீர்ப்பன்று. திறனறி சோதனை பொதுவான நுண்ணறிவை அளப்பது. பௌதிகத்தையோ சரித்திரத்தையோ அளப்பதன்று. அதே நுண்ணறிவுடைய மாணவனுக்குப் பௌதிகம் இப்போது செவ்வனே கற்பிக்கப்படுகின்றது என்று ஒருவர் வாதாடலாம். பழைய வினாத்தாள்களைப் பார்த்துப் பயிலுதல், புள்ளித் திட்டத்தை முன்கூட்டியே அறிதல், பகுதிப் பரீட்சையைத் திரும்ப எழுதுதல் ஆகியவற்றாலும் தரம் உயரும். இவற்றுள் எது கல்வி, எது வெறும் பயிற்சி என்று பிரித்துக்கூற எண்ணால் இயலாது. என்னுடைய எண்ணம், இரண்டு தர வேறுபாடு முழுவதையும் நல்லாசிரியரின் கணக்கில் எழுதுதல் கடினம் என்பதே.

வீதம் உயர்ந்ததன் விளைவு நடைமுறையில் தெரிந்தது. நாட்டமுள்ள பல்கலைக்கழகங்களின் வாயிலில் ஏ தரம் பெற்றோர் பெருந்தொகையாக நின்றபோது, அவர்களுள் யாரைத் தெரிவது என்று தெரியாது போயிற்று. 2010இல் ஏ தரத்துக்கு மேலே ஏ நட்சத்திரம் என்று மற்றொரு தரம் படைக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் பழைய ஏ தரத்தோடு ஒப்பிட விரும்புவோர் இரண்டையும் கூட்டியே ஒப்பிட வேண்டும். கூட்டாமல் விட்டு, ஏ தரம் சடுதியாகக் குறைந்தது என்று எழுதியவர்களும் உண்டாயின் வியப்பில்லை. நம் நாட்டில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசற் புள்ளி பயன்படுவதால் இச்சங்கடம் வேறு உருவத்தையே எடுக்கின்றது. ஒரு மாணவன் தன் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றான் என்பதே அங்கு எண்ணப்படுகின்றது. எல்லாருக்கும் ஐந்து புள்ளி கூடினால் ஏ தரம் பெருகும். ஆனால் வரிசையில் எவர் இடமும் மாறாது.

இங்கிலாந்துக்கு மீள்வோம். 2010களில் அந்நாட்டுப் பரீட்சைகளை மேற்பார்வை செய்யும் ஒவ்குவல் என்னும் அமைப்பு ஒரு கட்டுப்பாட்டை விதித்தது. பதினாறு வயதில் எழுதிய முந்திய பரீட்சையில் இவ்வாண்டு மாணவர் எத்தகையோர் என்று பார்க்கப்படும். சென்ற ஆண்டு மாணவரை ஒத்தவராயின், ஏ தரத்தின் வீதமும் ஏறத்தாழ ஒத்திருக்குமாறு எல்லைகள் வகுக்கப்படும். ஏற்றம் நின்றது. 2012இல் வீதம் சற்றே இறங்கியது. 2019இல் இருபத்தைந்தரை அளவுக்கு வந்தது. இதனை 1963ஆம் ஆண்டு முறையின் நாகரிகமான தம்பி என்று சொல்லலாம். மாணவரின் தன்மையை முன்கூட்டிப் பார்ப்பதால் அது தமையனிலும் நியாயமானது. எனினும், இரண்டாண்டுக் கற்பித்தல் நாடெங்கும் மெய்யாகவே சீர்ப்பட்டால் அது இம்முறையில் எளிதில் வெளித்தெரியாது. வீக்கத்தை அடக்கும் கருவி முன்னேற்றத்தையும் அடக்கிவிடுகின்றது.

பின்னர் 2020 வந்தது. கொள்ளைநோயால் பரீட்சைகள் கைவிடப்பட்டன. ஆசிரியர்கள் தம் மாணவருக்குத் தரங்களை மதிப்பிட்டு, அவர்களை வரிசைப்படுத்தியும் அனுப்பினர். அத்தரங்கள் வழமையிலும் மிகத் தாராளமாக இருந்தன. ஆகவே ஒரு கணித வாய்பாட்டால் அவை திருத்தப்பட்டன. அப்பாடசாலை முந்திய மூன்று ஆண்டுகளில் அப்பாடத்தில் எத்தனை ஏ, எத்தனை பீ பெற்றதோ, அவ்வளவே பெரும்பாலும் இவ்வாண்டும் பெறும் என்பதே வாய்பாட்டின் அடிப்படை. ஆகஸ்ட் 13ஆம் நாள் பெறுபேறு வந்தது. இங்கிலாந்தில் ஆசிரியர் இட்ட தரங்களுள் ஐந்தில் இரண்டு பங்களவு குறைக்கப்பட்டிருந்தன. ஏ தரமும் அதற்கு மேலும் பெற்றோர் நூற்றுக்கு இருபத்தெட்டளவு. சென்ற ஆண்டுகளோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் நான்கு நாட்களில் நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் வாய்பாடு கைவிடப்பட்டு, ஆசிரியர் தரமே இறுதியாயிற்று. வீதம் முப்பத்தெட்டுக்கு மேலே போயிற்று.

இவ்விடயத்தில் சற்றுத் தங்கிச் செல்லுதல் தகும். மாணவர் அதே மாணவர். கற்ற கல்வியும் அதே கல்வி. ஆகஸ்ட் 13இல் ஒரு வீதம், 17இல் பத்து அலகு கூடிய மற்றொரு வீதம். திறமை மாறாது தரம் மட்டும் மாறுவது தரவீக்கம் என்று தொடக்கத்தில் வரையறுத்தோமே, அதனை ஆய்வுகூடத்திற் செய்து காட்டியது போன்ற நிகழ்ச்சி இது. ஆயினும் பொருத்தமான வீதத்தைத் தந்த வாய்பாடே பெரும் அநீதியையும் தந்தது. வழமையாக ஏ தரம் வாராத பாடசாலையில் அவ்வாண்டு ஒரு சிறந்த மாணவி இருந்தால், மூன்றாண்டுச் சரித்திரம் அவள் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தது. அவளுக்குக் கிடைத்திருந்த பல்கலைக்கழக இடம் ஒரு நாளிற் பறிபோனது. மறுபுறம், ஐந்து பேரும் அதற்குக் குறைவும் உள்ள வகுப்புகளுக்கு வாய்பாடு பொருந்தாது என்று ஆசிரியர் தரமே விடப்பட்டது. சிறிய வகுப்புகள் கட்டணப் பாடசாலைகளிலேயே கூடுதல். ஆண்டுகளின் வீதங்களை ஒப்பிடுதல் நோயை அறியும் முறை; அதையே மருந்தாக ஒவ்வொரு மாணவன் வாயிலும் ஊற்றியதால் நேர்ந்த கேடு இது. நாடு முழுவதற்கும் சரியான எண், ஒருத்தியின் மேசைக்கு வரும்போது பொய்யாகலாம்.

2021இலும் பரீட்சை இல்லை; ஆசிரியர் மதிப்பீடே. வீதம் 44.8. 2022இல் பரீட்சை திரும்பியது. இடைப்பட்ட ஓர் அளவுக்கு இறக்குவோம் என்று முன்னரே அறிவித்து, 36.4க்கு இறக்கினர். 2023இல் 27.2. கோடாக வரைந்தால் நடுவில் ஒரு குன்று தெரியும். வீக்கத்தை மெய்யான முன்னேற்றத்திலிருந்து பிரிக்கும் அடையாளங்கள் அக்குன்றிலே உள்ளன. அது சடுதியில் எழுந்தது. எல்லாப் பாடங்களிலும் ஒருங்கே எழுந்தது. மதிப்பிடும் முறை மாறிய அதே ஆண்டில் எழுந்து, பழைய முறை திரும்பியதும் வீழ்ந்தது. மெய்யான கல்வி முன்னேற்றம் இவ்வாறு ஏறி இறங்காது. அது மெதுவாக, ஒரு பாடத்தில் முன்னும் மற்றொன்றிற் பின்னுமாக வரும். 1987க்குப் பின் வந்த நீண்ட மென்சரிவைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதாடுவதற்கும், 2020ஆம் ஆண்டுக் குன்றைப் பற்றி எவரும் வாதாடாமைக்கும் இதுவே காரணம்.

குன்று மறைந்தாலும் அதன் நிழல் மறையவில்லை. 2023இல் உயர்தரம் எழுதியோர், பதினாறாம் வயதுப் பரீட்சையை 2021இல் எழுத வேண்டியவர்கள். அப்போது பரீட்சையே நடக்கவில்லை. அவர்களை முன்னைய ஆண்டினருடன் ஒப்பிட உதவவேண்டிய அளவுகோலே வீங்கியிருந்தது. இத்தகைய நிலையில் உதவக்கூடிய ஒன்று, 2017 முதல் இங்கிலாந்தில் பதினாறு வயதினருள் மாதிரியாகத் தெரிந்தெடுத்தோருக்கு நடத்தப்படும் தேசிய ஒப்புநோக்குச் சோதனை. ஆங்கிலம், கணிதம் என்ற இரண்டில் மட்டும், முந்நூறளவான பாடசாலைகளில் அது நடைபெறும். வினாக்கள் ஆண்டுதோறும் ஒன்றே, அவை வெளியிடப்படுவதில்லை. வெளியிட்டால் அடுத்த ஆண்டே பயிற்சிப் புத்தகங்களில் ஏறிவிடும், அளவுகோல் கெட்டுவிடும். அதில் ஒரு மாணவன் பெறும் புள்ளியால் அவனுக்கு இலாபமோ நட்டமோ இல்லை. அதனாலேயே அப்புள்ளியை நம்பலாம். அதனாலேயே மாணவர் அதில் முழுமூச்சாய் எழுதுவதில்லை என்று ஐயுறவும் இடமுண்டு.

2025இல் உயர்தரப் பரீட்சையின் ஏ தர வீதம் 28.3 ஆயிற்று, குன்றின் ஆண்டுகளை நீக்கினால் 2010ஆம் ஆண்டையும் தாண்டிய உயரம். மீண்டும் வீக்கமா என்று கேட்டனர். முதலிற் பார்க்கவேண்டிய கீழெண்ணைப் பார்த்தால், அவ்வாண்டு எழுதியோர் பதினாறாம் வயதுப் பரீட்சையை 2023இல், தாராளம் முடிந்து பழைய கண்டிப்புத் திரும்பிய ஆண்டில், எழுதியவர்கள். அவர்களுக்கு முன்னையோர் அதனை 2022இல், இளகிய அளவுகோலால் எழுதி, கூடுதலான பேர் உயர்தர வகுப்புக்குள் நுழைந்திருந்தனர். 2025ஆம் ஆண்டுக் கூட்டம் கண்டிப்பான வாயிலால் வடிகட்டப்பட்டது. ஆகவே சிறியது, சராசரியில் வலியது. ஒவ்குவல் அமைப்பு கூறிய விளக்கமும் இதுவே. 2002இல் இடைவழியில் விலகியோர் கீழெண்ணைக் குறைத்தனர். 2025இல் வாயிலிலேயே நுழையாது நின்றோர் அதனைக் குறைத்தனர்.